முப்பத்திரண்டு கட்டங்களில் ஓர் ஆணை

அம்பத்தூருக்கு எழுதும் கடிதத்தின் உறையில் 600053 என்று குறிக்கிறோம். ஆவடியானால் 600054. பூவிருந்தவல்லியானால் 600056. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆறு இலக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தே பொருள். முதல் இலக்கம் நாட்டின் ஒரு பெரும் பகுதியைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்து கடிதங்கள் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் குறிக்கும். ஆகவே தில்லியில் கடிதம் பிரிப்பவர் கடைசி மூன்று இலக்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. எந்த ஊருக்குப் போகும் கடிதமானாலும் அவர் பார்க்கும் இடம் ஒன்றே. இடம் மாறாததால் கை வேகமாக ஓடுகிறது.

கணிப்பொறியின் மையச் செயலிக்கு நாம் கொடுக்கும் ஆணையும் இப்படிப்பட்ட ஓர் எண்தான். ‘இந்த எண்ணை அதனுடன் கூட்டு’, ‘இதை நினைவகத்தில் வை’ என்பவை யாவும் 0, 1 என்ற இரண்டே குறிகளால் ஆன வரிசையாகவே செயலியைச் சென்றடைகின்றன. அந்த வரிசையில் எந்தச் செய்தி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு ஆணை வடிவம் என்று பெயர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்னும் ஆணைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. அதன் ஆணை வடிவங்கள் முதன்முதலில் பார்ப்பவருக்குச் சற்று விநோதமாகத் தோன்றும். ஓர் எண்ணை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்திருப்பார்கள். இது ஏன்? இந்த வினாவுக்கு விடை ஒரு சிறு வரலாற்றில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ஓர் ஆணையை நம் கையாலேயே தாளில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றுவோம்.

ஆய்வக அட்டவணையில் ஒளிந்திருந்த கட்டங்கள்

நம் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களில் 8085 என்னும் நுண்செயலிப் பெட்டியில் பழகியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இன்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட செயலி அது. நாம் எழுதிய நிரலின் ஒவ்வோர் ஆணைக்கும் உரிய எண்ணை அட்டவணையில் தேடி எடுத்து, விசைப்பலகையில் அழுத்துவோம். `MOV A,B` என்றால் 78. `MVI A` என்றால் 3E. தேர்வுக்காக இந்த எண்களை மனப்பாடம் செய்தவர்களும் உண்டு.

அந்த 78ஐ இரும எண்ணாக எழுதிப் பாருங்கள். 01111000 என்று வரும். இதை 01, 111, 000 என்று மூன்றாகப் பிரியுங்கள். முதலிலுள்ள 01 என்பது ‘ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகல் எடு’ என்ற செய்தி. 111 என்பது A என்ற பதிவகம். 000 என்பது B என்ற பதிவகம். பதிவகம் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும், ஓர் எண்ணைத் தாங்கக்கூடிய சிறிய இடம். ஆக, அட்டவணையில் தனித்தனி எண்களாகத் தோன்றியவை உண்மையில் கட்டம் கட்டமாகச் சேர்க்கப்பட்ட சொற்றொடர்கள்.

ஆனால் 8085இல் ஒரு சிக்கல் உண்டு. அதன் ஆணைகள் எல்லாம் ஒரே நீளமுடையவை அல்ல. சில ஒரு பைட், சில இரண்டு, சில மூன்று. முதல் பைட்டைப் படித்து, அதன் பொருளை அறிந்த பிறகுதான் அடுத்த பைட் இந்த ஆணையின் தொடர்ச்சியா, புதிய ஆணையின் தொடக்கமா என்று செயலிக்குத் தெரியும். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று நிதானமாகச் செல்லும் செயலிக்கு இது தடையில்லை. ஓர் ஆணை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தொடங்க விரும்பும் செயலிக்கு இது பெருந்தடை.

வெட்டுவது எண்ணையா, நகர்த்துவது பதிவகத்தையா?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன் குழுவினரும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்னெசி குழுவினரும் இந்தத் தடையை நீக்க முனைந்தனர். ஆணைகளின் வகைகளைக் குறைத்து, ஒவ்வோர் ஆணையையும் சரியாக 32 பிட் நீளமாக ஆக்கினார்கள். இத்தகைய செயலிகளுக்கு ரிஸ்க் என்ற பெயரைத் தந்தது பெர்க்லி குழு. ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது மிப்ஸ் என்ற செயலி.

நீளம் ஒன்றானதும் அடுத்த கேள்வி எழுந்தது. அந்த 32 இடங்களை எப்படிப் பங்கிடுவது?

மிப்ஸில் 32 பதிவகங்கள் உண்டு. ஒரு பதிவகத்தின் எண்ணைக் குறிக்க 5 பிட் போதும். இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32 அல்லவா? இரண்டு பதிவகங்களைக் கூட்டி மூன்றாவதில் வைக்கும் ஆணைக்கு மூன்று ஐந்து-பிட் கட்டங்கள் தேவை. ஒரு பதிவகத்துடன் 25 என்பது போன்ற ஒரு மாறிலியைக் கூட்டும் ஆணைக்கு இரண்டு பதிவகக் கட்டங்களும் அந்த மாறிலிக்கு ஓர் இடமும் தேவை. மிப்ஸை வடிவமைத்தவர்கள் மாறிலிக்குத் தொடர்ச்சியான 16 பிட் இடம் கொடுத்தார்கள். மாறிலி முழுதாக இருந்தது. படிப்பவருக்கும் எளிமையாக இருந்தது. அதற்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. விடை சென்று சேரவேண்டிய பதிவகத்தின் கட்டம் முதல் வகை ஆணையில் ஓரிடத்திலும், இரண்டாம் வகையில் வேறோர் இடத்திலும் நின்றது. ஆகவே ‘எந்தக் கட்டத்தைப் படிப்பது’ என்று முடிவு செய்ய, செயலிக்குள் ஒரு தேர்வுச் சுற்றைக் கூடுதலாக வைக்கவேண்டி வந்தது.

மாறிலியை முழுதாக வைத்தால் பதிவகக் கட்டம் நகர்கிறது. பதிவகக் கட்டங்களை அசையாமல் வைத்தால் மாறிலி உடைகிறது. இந்த இரண்டில் எதை ஏற்பது என்பதே கேள்வி.

2010இல் பெர்க்லியில் கிரஸ்டே அசனோவிச்சும் அவருடைய மாணவர்களான ஆண்ட்ரூ வாட்டர்மேன், யுன்சுப் லீ ஆகியோரும் பேட்டர்சனுடன் சேர்ந்து தங்கள் ஆராய்ச்சிக்கென ஒரு புதிய ஆணைத் தொகுதியை வகுக்கத் தொடங்கினர். சந்தையில் ஆட்சி செலுத்திய ஆணைத் தொகுதிகள் தனியார் நிறுவனங்களின் உடைமை. உரிமம் இன்றி அவற்றைப் பின்பற்றிச் செயலி செய்து மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ள முடியாது. பெர்க்லியில் முன்னர் உருவான நான்கு ரிஸ்க் வடிவமைப்புகளுக்குப் பிறகு வந்ததால் இதற்கு ரிஸ்க்-ஃபைவ் என்று பெயரிட்டனர். எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தனர்.

இவர்கள் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்கள். பதிவகக் கட்டங்கள் அசையக்கூடாது. மாறிலி உடைந்தால் உடையட்டும் என்பது அவர்கள் முடிவு.

2011க்கும் 2014க்கும் இடையே

2011 மே மாதம் வெளியான முதல் கையேட்டில் விடை சேரும் பதிவகத்தின் கட்டம் இடது ஓரத்தில், 31 முதல் 27 வரையுள்ள இடங்களில் இருந்தது. (வலது ஓரத்துப் பிட்டை 0 என்றும், இடது ஓரத்துப் பிட்டை 31 என்றும் எண்ணுவது மரபு.) நினைவகத்தில் ஓர் எண்ணைச் சேமிக்கும் ஆணைக்கு விடைப் பதிவகம் தேவையில்லை. ஆகவே அந்த ஆணையில் இடது ஓரத்து ஐந்து இடங்கள் காலியாகின்றன. மாறிலியின் மேல் ஐந்து பிட்டுகளை வெட்டி அங்கே குடியமர்த்தினார்கள்.

இதில் ஒரு குறை தங்கிவிட்டது. மாறிலி குறை எண்ணாகவும் இருக்கலாம். அதன் மிக உயர்ந்த பிட்தான் அது மிகையா குறையா என்று சொல்லும். அதைக் குறி பிட் என்போம். 12 பிட் நீளமுள்ள மாறிலியை 32 பிட் நீளமாக விரிக்கும்போது, இந்தக் குறி பிட்டை மீதி 20 இடங்களிலும் படியெடுக்க வேண்டும். ஒரு கம்பி இருபது இடங்களுக்கு மின்னழுத்தம் தரவேண்டும் என்றால் அத்தனை இடங்களின் மின்தேக்குத் திறனையும் அது நிரப்பியாக வேண்டும்; அதற்கு நேரம் பிடிக்கும் என்பது இயற்பியல் படித்தவருக்கு விளங்கும். எனவே அந்த வேலையை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் 2011ஆம் ஆண்டு ஏற்பாட்டில் மாறிலியைக் கூட்டும் ஆணையில் குறி பிட் 21ஆம் இடத்தில் நின்றது. சேமிக்கும் ஆணையில் 31ஆம் இடத்தில் நின்றது. ஆணையின் வகை தெரியும்வரை விரிக்கும் வேலையைத் தொடங்க முடியாது.

2014 மே மாதம் வெளியான இரண்டாம் பதிப்பில் வடிவங்களை மாற்றி அடுக்கினார்கள். விடைப் பதிவகத்தின் கட்டத்தை வலப்பக்கமாக, 11 முதல் 7 வரையுள்ள இடங்களுக்குக் கொண்டுவந்தார்கள். மாறிலியை இடது ஓரத்தில் வைத்தார்கள். இப்போது சேமிக்கும் ஆணையில் காலியாவது வலப்பக்கத்து இடம். எனவே மாறிலியின் கீழ் ஐந்து பிட்டுகள் மட்டும் அங்கே இறங்குகின்றன. மேல் ஏழு பிட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குறி பிட், மாறிலி உள்ள எந்த ஆணையிலும் 31ஆம் இடத்தை விட்டு அகலுவதில்லை.

மூன்று வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாருங்கள்.

```
      31-25   24-20   19-15   14-12   11-7   6-0
R     funct7   rs2     rs1   funct3    rd   opcode
I     imm ........     rs1   funct3    rd   opcode
S     imm      rs2     rs1   funct3   imm   opcode
```

`opcode` என்பது செயற்குறி. ஆணையின் குடும்பப் பெயர் போன்றது. `funct3`, `funct7` இரண்டும் துணைக்குறிகள். குடும்பத்துக்குள் இன்னார் என்று காட்டுபவை. `rs1`, `rs2` இரண்டும் எண்கள் எடுக்கப்படும் மூலப் பதிவகங்கள். `rd` விடை சேரும் பதிவகம். `imm` மாறிலி. செங்குத்தாகப் பார்வையை ஓட்டினால் `rs1` எங்கே இருந்தாலும் ஒரே நெடுவரிசையில்தான் இருப்பது தெரியும். `rs2`, `rd` இரண்டும் அப்படியே. செயலி ஆணையின் வகையை இன்னும் அறியாத நிலையிலேயே மூலப் பதிவகங்களைப் படிக்கத் தொடங்கிவிடலாம். தேவையில்லை என்று பின்னர் தெரிந்தால், படித்ததைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் போதும்.

இவற்றோடு பெரிய மாறிலிக்கான யு வடிவமும் சேர்ந்து நான்கு அடிப்படை வடிவங்கள். நிபந்தனையோடு தாவும் ஆணைகளுக்கு எஸ் வடிவத்தின் மாறுபாடான பி வடிவமும், நிபந்தனையின்றித் தாவும் ஆணைக்கு யு வடிவத்தின் மாறுபாடான ஜே வடிவமும் உண்டு. 32 பிட் அடிப்படைத் தொகுதியின் 40 ஆணைகளும் இந்த ஆறில் அடங்கிவிடுகின்றன.

கையால் ஓர் ஆணை

இப்போது பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மாற்றப்போகும் ஆணை இது.

```
addi x10, x5, -6
```

ஐந்தாம் பதிவகத்தில் உள்ள எண்ணுடன் குறை ஆறைக் கூட்டி, விடையைப் பத்தாம் பதிவகத்தில் வை என்பது இதன் பொருள். மாறிலி இருப்பதால் இது ஐ வடிவம்.

முதலில் செயற்குறி. மாறிலியோடு கணக்குச் செய்யும் குடும்பத்துக்குரியது 0010011. இதை வலது ஓரத்தில் எழுதுங்கள். அடுத்து விடைப் பதிவகம். 10 என்பது இரும எண்ணில் 01010. ஐந்து இலக்கங்களாக எழுதவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. அதன் இடப்பக்கம் துணைக்குறி; கூட்டலுக்கு 000. பின் மூலப் பதிவகம்; 5 என்பது 00101.

எஞ்சியது மாறிலி. குறை எண்களை எழுத 2-இன் நிரப்பி முறையைப் பயன்படுத்துகிறோம். முதலில் 6ஐப் பன்னிரண்டு இலக்கங்களில் எழுதுங்கள்: 000000000110. ஒவ்வொரு 0ஐயும் 1 ஆகவும், ஒவ்வொரு 1ஐயும் 0 ஆகவும் மாற்றுங்கள்: 111111111001. இதனுடன் 1ஐக் கூட்டுங்கள்: 111111111010. இதுவே குறை ஆறு. சரிபார்க்க வேண்டுமானால் இதனுடன் மீண்டும் 000000000110ஐக் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு இடங்களிலும் 0 வரும். பதின்மூன்றாம் இடத்துக்குச் செல்லும் 1 விழுந்துபோகும்.

எல்லாவற்றையும் வரிசையாக வைப்போம்.

```
31-20          19-15   14-12   11-7    6-0
111111111010   00101   000     01010   0010011
```

இனி இடைவெளிகளை நீக்கி, இடது ஓரத்திலிருந்து நான்கு நான்காகப் பிரித்துப் பதினாறு அடிமான எண்ணாக்குவோம்.

```
1111 1111 1010 0010 1000 0101 0001 0011
  F    F    A    2    8    5    1    3
```

ஆணை தயார்: FFA28513. ஐந்தாம் பதிவகத்தில் 20 இருந்தால், இந்த ஆணை முடிந்ததும் பத்தாம் பதிவகத்தில் 14 இருக்கும். ஐந்தாவதில் 20 அப்படியே இருக்கும்.

ஒப்பிடுவதற்காக எஸ் வடிவத்தில் ஒன்றையும் பார்த்துவிடுவோம். `sw x10, 100(x5)` என்பது, ஐந்தாம் பதிவகம் காட்டும் முகவரிக்கு 100 பைட் தள்ளியுள்ள இடத்தில் பத்தாம் பதிவகத்தின் எண்ணைச் சேமி என்ற ஆணை. 100 என்பது பன்னிரண்டு இலக்கங்களில் 000001100100. இதை மேல் ஏழு, கீழ் ஐந்து என்று வெட்டினால் 0000011, 00100 என்று கிடைக்கும்.

```
31-25     24-20   19-15   14-12   11-7    6-0
0000011   01010   00101   010     00100   0100011
```

இதன் எண் 06A2A223. முன் ஆணையோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்தாம் பதிவகத்தைக் குறிக்கும் 00101 இரண்டிலும் அதே 19-15 இடத்தில் நிற்கிறது. வெட்டுப்பட்டது மாறிலி மட்டுமே. அந்த வெட்டு நம் கண்ணுக்குத்தான் தொல்லை. சில்லுக்குள் அது கம்பிகளின் போக்கு சற்றே மாறுவது மட்டும்தான். ஒரு துண்டு மேலிருந்தும் ஒரு துண்டு கீழிருந்தும் வந்து கூட்டல் சுற்றை அடைகின்றன.

பிழை நேரும் இடங்கள்

கையால் எழுதும்போது பிழைகள் சில குறிப்பிட்ட இடங்களில்தான் வருகின்றன. அவற்றை அறிந்து வைத்திருந்தால் விரைவில் கண்டுபிடிக்கலாம்.

பதிவகங்களை இடம் மாற்றி எழுதுவது அவற்றில் முதலாவது. நாம் ஆணையை எழுதும்போது விடைப் பதிவகத்தை முதலில் சொல்கிறோம். இரும வரிசையில் அது மூலப் பதிவகத்துக்கு வலப்பக்கம் வருகிறது. அவசரத்தில் இரண்டையும் மாற்றிவிட்டால் FFA50293 என்று கிடைக்கும். இதுவும் செயலி ஏற்கத்தக்க ஆணைதான். பத்தாம் பதிவகத்திலிருந்து 6ஐக் கழித்து ஐந்தாவதில் வைக்கும். செயலி முறையிடாது. ஆகவே சோதிக்கும்போது இரு பதிவகங்களிலும் வெவ்வேறு எண்களை வைத்துப் பார்ப்பது நல்லது. ஐந்தாவதில் 20, பத்தாவதில் 100 வைத்து ஓட்டினால், சரியான ஆணை பத்தாவதை 14 ஆக்கும். பிழையான ஆணை ஐந்தாவதை 94 ஆக்கும்.

இரண்டாவது, குறை எண்ணை முழு நீளத்துக்கு எழுதாமை. குறை ஆறை நான்கு இலக்கங்களில் 1010 என்று கண்டுவிட்டு, இடப்பக்கத்தைப் பூச்சியங்களால் நிரப்பினால் அது மிகை பத்தாகிவிடும். எண் 00A28513 என்று வரும். விடை 14 ஆக இல்லாமல் 30 ஆக இருக்கும். குறை எண்ணின் இடப்பக்கம் எப்போதும் 1களால் நிரம்ப வேண்டும்.

மூன்றாவது, பைட்டுகளின் வரிசை. ரிஸ்க்-ஃபைவில் ஆணையின் கடைக்கோடிப் பைட்தான் நினைவகத்தில் முதல் முகவரியில் அமரும். FFA28513 என்பதை நினைவகத்தில் 13, 85, A2, FF என்ற வரிசையில் இடவேண்டும். எழுதிய வரிசையிலேயே இட்டால் செயலி அதை 1385A2FF என்று படிக்கும். FF என்று முடியும் வரிசை 32 பிட்டைவிட நீண்ட ஆணைகளுக்கென ஒதுக்கப்பட்டது. அப்படி ஓர் ஆணை தன்னிடம் இல்லாத சாதாரணச் செயலி அதை ஏற்கத்தகாத ஆணை என்று நிறுத்திவிடும்.

எழுதி முடித்ததும் கடைசி இலக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் தொகுதியின் எந்த ஆணையும் பதினாறு அடிமானத்தில் 3, 7, F ஆகிய மூன்றில் ஒன்றில்தான் முடியும். 32 பிட் ஆணையின் கடைசி இரண்டு பிட்டுகள் 11 ஆக இருக்கவேண்டும் என்ற விதியின் விளைவு இது. கடைசி இலக்கம் 6 என்றோ 9 என்றோ வந்தால், நடுவில் எங்கோ ஓர் இலக்கம் விடுபட்டு வரிசை நகர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். முழுவதும் 0 ஆன வரிசையையும், முழுவதும் 1 ஆன வரிசையையும் ஏற்கத்தகாதவை என்றே வடிவமைப்பாளர்கள் வைத்துவிட்டார்கள். நிரல் வழிதவறி, எதுவும் எழுதப்படாத நினைவகப் பகுதிக்குள் புகுந்தால் அது அங்கேயே பிடிபட வேண்டும் என்பது நோக்கம்.

வடிவத்தின் எல்லை ஒன்றையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு பிட்டுகளில் குறை 2048 முதல் மிகை 2047 வரைதான் எழுதமுடியும். பத்தாம் பதிவகத்தில் 7000 என்ற எண்ணை வைக்கவேண்டும் என்று கொள்வோம். ஓர் ஆணையில் முடியாது. யு வடிவத்து `lui` என்ற ஆணை 20 பிட் மாறிலி ஒன்றைப் பதிவகத்தின் மேற்பகுதியில் வைக்கும். அதாவது நாம் தரும் எண்ணை 4096ஆல் பெருக்கி வைக்கும். 7000இல் ஒரு 4096 போக மீதி 2904. இது 2047ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இரண்டு 4096களை, அதாவது 8192ஐ வைத்துவிட்டு, 1192ஐக் கழிக்கவேண்டும்.

```
lui  x10, 2             00002537
addi x10, x10, -1192    B5850513
```

பழைய கடைக்காரர் பத்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைத் திருப்பித் தருவது போன்ற கணக்கு இது. மீதி பாதிக்கு மேல் போனால் ஒரு முழு நோட்டு கூடுதலாக வைத்துத் திருப்பி வாங்கவேண்டும். இதை மறந்து `lui`இல் 1 என்றே வைத்தால் விடை சரியாக 4096 குறைந்து நிற்கும். விடையில் 4096 வேறுபாடு கண்டால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

கிண்டியிலிருந்து சண்டிகர் வரை

இந்த ஏற்பாட்டை நம்மவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழு, சக்தி என்ற பெயரில் ஒரு செயலிக் குடும்பத்தை ரிஸ்க்-ஃபைவின் அடிப்படையில் வடிவமைத்தது. 2018இல் அந்த வடிவமைப்பு இரண்டு இடங்களில் சில்லாக உருப்பெற்றது. முதலாவது, அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதில் லினக்ஸ் இயக்க முறைமை ஓடியது. இரண்டாவது, சண்டிகரில் உள்ள அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 2025 பிப்ரவரியில், இதே சக்தியை அடிப்படையாகக் கொண்டு விண்வெளிப் பயன்பாட்டுக்கென உருவான ‘ஐரிஸ்’ என்ற சில்லை இந்தக் கழகமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அறிவித்தன. அதுவும் சண்டிகரில் உருவானதே.

180 நானோமீட்டருக்கும் 22 நானோமீட்டருக்கும் இடையே தொழில்நுட்பத்தில் பல தலைமுறை இடைவெளி உண்டு. வேகமும் மின்செலவும் வேறு. ஆனால் நாம் தாளில் எழுதிய FFA28513 இரண்டு சில்லுகளுக்கும் ஒரே பொருளைத்தான் தரும். ஐந்தாம் பதிவகத்திலிருந்து ஆறைக் கழித்துப் பத்தாவதில் வைப்பார்கள் இருவரும். 64 பிட் பதிவகங்கள் கொண்ட சில்லானாலும், 32 பிட் பதிவகங்கள் கொண்ட சிறிய சில்லானாலும் இந்த ஆணையின் எழுத்து மாறுவதில்லை. எந்த நிறுவனத்திடமும் உரிமம் கேட்காமல் நம் ஊர்க் குழு ஒன்று இந்த எழுத்தைப் படிக்கும் சில்லைச் செய்யமுடிந்ததற்குக் காரணம், அந்த 32 கட்டங்களின் பங்கீடு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டிருந்ததே. 2011ஆம் ஆண்டுக் கையேட்டைப் பார்த்துச் செய்த சில்லுக்கு மட்டும் நம் எண் விளங்காது. 2014இல் கட்டங்கள் இடம் மாறியதை இந்த ஒன்றிலிருந்தே உணரலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு

முடிக்குமுன் எதிர்த்திசையில் ஒரு பயிற்சி. செயலியின் நினைவகத்தில் 00628533 என்ற ஆணை இருக்கிறது. அது என்ன சொல்கிறது? முதலில் இரும எண்ணாக விரித்து, வலது ஓரத்தின் ஏழு பிட்டுகளைத் தனியே எடுங்கள். 0110011 என்று கிடைக்கும். இது பதிவகங்களுக்கிடையே கணக்குச் செய்யும் குடும்பம். ஆகவே ஆர் வடிவம். மேலே தந்துள்ள அட்டவணையின் முதல் வரிசைப்படி மீதியைப் பிரித்துக்கொண்டு போங்கள்.

விடைப் பதிவகம் 01010, அதாவது பத்து. துணைக்குறி 000. முதல் மூலம் 00101, அதாவது ஐந்து. இரண்டாம் மூலம் 00110, அதாவது ஆறு. இடது ஓரத்து ஏழு பிட்டுகளும் 0, கூட்டலுக்குரியது அது. எனவே ஆணை `add x10, x5, x6`. இதன் 30ஆம் பிட்டை மட்டும் 1 ஆக்கிப் பாருங்கள். எண் 40628533 ஆகும். ஆணை `sub x10, x5, x6` என்று கழித்தலாகிவிடும். மற்ற முப்பத்தோரு பிட்டுகளும் அசையவில்லை. கூட்டல் சுற்றுக்குக் கழிக்கச் சொல்லும் செய்தி அந்த ஒரு கம்பி வழியாகவே செல்கிறது.